முதல் 8 விநாடி பறக்கிறது, அப்புறம் தவழ்கிறது: பர்ஸ்ட் பிளானில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

புதிய இணையத் திட்டத்துக்கு மாறிய அன்று ஸ்பீடு டெஸ்ட் ஓட்டினேன். 88 எம்பிபிஎஸ். நம்ப முடியாமல் உடனே இன்னொரு முறை ஓட்டினேன், 40. கேபிளில்தான் ஏதோ கோளாறு என்று ரவுட்டரின் பின்னால் கையை விட்டு, பிடுங்கி, திரும்பச் செருகி மூன்றாவது முறை ஓட்டினால் 64. ஆக, கேபிளைச் செருகியதால் சரியாகிக்கொண்டு வருகிறது என்று முடிவு கட்டி, அந்த மாலை முழுக்கக் கேபிள்களை மாற்றிக்கொண்டிருந்தேன்.

கேபிளில் ஒரு குறையும் இல்லை. அந்த மூன்று எண்களும் முழுக்கச் சரி. கையில் ஒரு காகிதம் இருந்திருந்தால் மூன்றையும் டெஸ்ட் ஓட்டுவதற்கு முன்பே கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கலாம். அந்தக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். பிறகு வரும் எல்லா அறிகுறிகளுக்கும் அதுதான் அடிப்படை.

வாளிக் கணக்கு

பர்ஸ்ட் என்றால் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் நிரந்தர வேகத்தைத் தாண்டிப் பறப்பது. அதை அனுமதிக்கும் திட்டம் ஒன்றில் மூன்று எண்கள் இருக்கும். இந்தக் கட்டுரை முழுக்க ஒரே திட்டத்தை வைத்துக்கொள்வோம். நிரந்தர வேகம் 40 எம்பிபிஎஸ், உச்ச வேகம் 100 எம்பிபிஎஸ், பர்ஸ்ட் அளவு 60 மெகாபைட். விளம்பரத்தில் பெரும்பாலும் நடு எண் மட்டும்தான் கொட்டை எழுத்தில் இருக்கும்.

ஒரு வாளியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் டோக்கன்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன. ஒரு டோக்கன் என்பது ஒரு பைட் அனுப்புவதற்கான சீட்டு. 40 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு 5 மெகாபைட் அளவு டோக்கன் விழும். வாளியின் கொள்ளளவு 60 மெகாபைட். நிறைந்த பிறகு விழுபவை வழிந்து வீணாகும். 1500 பைட் பாக்கெட் ஒன்று போக வேண்டுமானால் வாளியிலிருந்து 1500 டோக்கன் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

நீங்கள் 100 எம்பிபிஎஸ்ஸில், அதாவது விநாடிக்கு 12.5 மெகாபைட் இழுக்கிறீர்கள். உள்ளே விழுவது 5. ஆக வாளி விநாடிக்கு 7.5 மெகாபைட் குறைகிறது. 60-ஐ 7.5-ஆல் வகுத்தால் 8 விநாடி. இந்த 8 விநாடியில் நீங்கள் பெறுவது 60 மெகாபைட் அல்ல, 100 மெகாபைட். வாளி காலியாகும் நேரத்திலும் அது நிரம்பிக்கொண்டிருக்கிறது என்பதை மறந்துவிட்டுத்தான் பலர் கணக்கில் சறுக்குகிறார்கள்.

100 என்ற உச்சத்தைப் பிடித்து வைப்பது யார்? அதற்குத் தனியாக இன்னொரு வாளி உண்டு. அது விநாடிக்கு 12.5 மெகாபைட் வேகத்தில் நிரம்பும், ஆனால் மிகச் சிறியது, சில பத்தாயிரம் பைட்கள்தான் கொள்ளும். பாக்கெட் இரண்டு வாளியிலும் சீட்டு வாங்கியாக வேண்டும். இரண்டு வேகம், இரண்டு வாளி என்ற இந்த ஏற்பாட்டின் ஒரு வடிவம் 1999-இல் வந்த ஆர்எஃப்சி 2698-இல் எழுதப்பட்டிருக்கிறது. பெரிய வாளியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், சின்ன வாளியை யாரும் கண்டுகொள்வதில்லை. கடைசியில் வரும் அறிகுறியில் அதுதான் வில்லன்.

சீட்டு இல்லாத பாக்கெட்டை என்ன செய்வது என்பதில்தான் ஷேப்பருக்கும் போலீசருக்கும் வித்தியாசம். ஷேப்பர் வரிசையில் நிற்கவைக்கும், சீட்டு வந்ததும் அனுப்பும். போலீசரிடம் வரிசையே கிடையாது, அந்த இடத்திலேயே தூக்கி எறிந்துவிடும். வாளியும் கணக்கும் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் உங்கள் மேசையில் தெரியும் நோய் முற்றிலும் வேறு.

அறிகுறி 1: ஒவ்வொரு டெஸ்டிலும் வேறு எண்

என் மூன்று எண்களுக்கு வருவோம். ஸ்பீடு டெஸ்ட் 10 விநாடி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாளி நிறைந்திருந்தது. முதல் 8 விநாடியில் 100 மெகாபைட், மீதி 2 விநாடியில் 10 மெகாபைட், மொத்தம் 110. அதை 10 விநாடிக்குப் பரப்பினால் 88 எம்பிபிஎஸ். உடனே இரண்டாவது டெஸ்ட்: வாளி வறண்டு கிடக்கிறது, எனவே 40. அப்புறம் கேபிளோடு மல்லுக்கட்டிய 6 விநாடி. அதற்குள் வாளியில் 30 மெகாபைட் சேர்ந்துவிட்டது. அது 4 விநாடி ஓட்டத்துக்குப் போதும்: 50 மெகாபைட், பிறகு 6 விநாடிக்கு 30 மெகாபைட், மொத்தம் 80. சராசரி 64.

அதனால் முதல் சோதனை இது. இணைப்பை யாரும் தொடாமல் ஒரு நிமிடம் விடுங்கள், டெஸ்ட் ஓட்டுங்கள், உடனே மறுபடி ஓட்டுங்கள். முதல் எண் உயர்ந்தும் இரண்டாவது தாழ்ந்தும் இருந்து, ஒரு நிமிடம் கழித்துப் பழையபடி உயர்ந்தால், கோளாறு இல்லை. வாளி வேலை செய்கிறது, அவ்வளவுதான். உங்கள் எண் 88-க்குப் பதில் 84, 40-க்குப் பதில் 38 என்று வந்தாலும் பதற வேண்டாம். ஈதர்நெட், ஐபி, டிசிபி தலைப்புகளும் டோக்கன் தின்னும், ஸ்பீடு டெஸ்ட் அவற்றைக் கணக்கில் காட்டாது. சுமார் 4 சதவீதம் அதற்கே போய்விடும்.

இரண்டு முறையுமே 40 தான் வருகிறதா? பர்ஸ்ட்டே தலைகாட்டவில்லையா? நிறுவனத்துக்கு போன் போடுவதற்கு முன் வீட்டுக்குள் பாருங்கள். யாரும் பயன்படுத்தாத இணைப்பில் காலி வாளி 12 விநாடியில் நிரம்பிவிடும். பின்னணியில் ஏதோ ஒன்று 20 எம்பிபிஎஸ் இழுத்துக்கொண்டிருந்தால், நிகரமாகச் சேர்வது விநாடிக்கு 2.5 மெகாபைட்தான், அப்போது 24 விநாடி ஆகும். பின்னணியில் இழுப்பது 40-ஐத் தொட்டுவிட்டால் வாளி ஒருநாளும் நிரம்பாது. ஒரு கணினியில் ஏதோ அப்டேட் இறங்கிக்கொண்டிருக்கிறது என்றால் அந்தக் கதைதான். எல்லாக் கருவிகளையும் துண்டித்துவிட்டு, ஒரு கணினியை மட்டும் கேபிளில் மாட்டி, ஒரு நிமிடம் விட்டு ஓட்டுங்கள். அப்போதும் 40 என்றால் போன் போடலாம்.

அறிகுறி 2: பர்ஸ்ட் முடிந்ததும் 40-இல் நிற்காமல் ரம்பப் பல் போல ஏறி இறங்குகிறது

இதற்கு ஸ்பீடு டெஸ்ட் போதாது, விநாடி விநாடியாகப் பார்க்க வேண்டும். வெளியே உங்கள் கைவசம் ஒரு சர்வர் இருந்தால், வேகம் அளக்கும் `iperf3` கருவி நல்லது:

```
iperf3 -c SERVER -t 30 -i 1
```

இது அப்லோடு திசை. டவுன்லோடுக்கு `-R` சேர்க்க வேண்டும். ஆனால் அப்லோடில்தான் மறு அனுப்பல்களின் எண்ணிக்கை விநாடிவாரியாக உங்கள் திரையிலேயே தெரியும், அதனால் அதிலிருந்து தொடங்குங்கள். அப்லோடுக்கும் அதே திட்ட எண்கள் என்று வைத்துக்கொண்டால், போலீசர் இருக்கும் இணைப்பில் 8-ஆவது விநாடியைச் சுற்றி இப்படித் தெரியும்:

```
7.00-8.00   sec  11.4 MBytes  95.6 Mbits/sec    0    612 KBytes
8.00-9.00   sec  2.38 MBytes  20.0 Mbits/sec  263   71.3 KBytes
9.00-10.00  sec  4.50 MBytes  37.7 Mbits/sec    0    198 KBytes
10.00-11.00 sec  6.75 MBytes  56.6 Mbits/sec  118   92.0 KBytes
```

கடைசி இரண்டு நெடுவரிசைகளைக் கவனியுங்கள். ஒன்று மறு அனுப்பல் எண்ணிக்கை, இன்னொன்று டிசிபி ஒரே மூச்சில் வெளியே விட்டு வைத்திருக்கும் அளவு. வாளி வறண்ட கணத்தில் அனுப்பும் கணினிக்கு அது தெரியாது. பாக்கெட் போய்ப் பதில் வர 50 மில்லி விநாடி ஆகிறது என்றால், அந்த 50 மில்லி விநாடிக்கும் அது பழைய 100 எம்பிபிஎஸ் வேகத்திலேயே அனுப்புகிறது. அதாவது 625 கிலோபைட். அதே நேரத்தில் விழும் டோக்கன் 250 கிலோபைட்தான். மிச்சம் 375 கிலோபைட், ஏறக்குறைய 250 பாக்கெட், ஒரேயடியாகக் குப்பைக்குப் போகிறது. டிசிபி பயந்து வேகத்தைச் சரித்துவிடுகிறது, பிறகு மெல்ல ஏறுகிறது, மறுபடி அடி வாங்குகிறது. 263 என்ற எண் அங்கிருந்துதான் வருகிறது.

ஷேப்பர் இருந்திருந்தால் 20-க்கு விழுந்திருக்காது. 95-இலிருந்து 38-க்கு இறங்கி அங்கேயே கோடு போட்டது போல நிற்கும். மறு அனுப்பல் ஒன்றிரண்டு தடவை எட்டிப்பார்க்கும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் அவசரப்பட்டு "போலீசர் என் வேகத்தைத் திருடுகிறது" என்று சொல்லிவிடக் கூடாது. மேலே உள்ள கடைசி மூன்று விநாடிகளின் சராசரியை எடுங்கள்: 20, 37.7, 56.6. கூட்டி வகுத்தால் 38.1. திட்டத்தின் 40-இல் தலைப்புகளைக் கழித்தால் வருவதும் அதுதான்! டிசிபி தயங்கி நின்ற நேரத்தில் டோக்கன் வீணாகவில்லை, 60 மெகாபைட் வாளியில் பத்திரமாகச் சேர்ந்தது. அடுத்த விநாடியில் அது 56-ஆக வெளியே வந்தது. போலீசர் எறிந்த பாக்கெட்டுக்கு டோக்கன் பிடிக்கப்படுவதும் இல்லை. ஆக, பெரிய வாளியோடு இருக்கும் போலீசர் படத்தை அசிங்கமாக்கும், ஆனால் ஒரு பெரிய கோப்பு இறங்கி முடியும் நேரம் அதிகம் மாறாது.

உண்மையான திருட்டு நடப்பது வாளி சிறியதாக இருக்கும்போது. டிசிபி தயங்கி நிற்கிறது, டோக்கன் விழுகிறது, ஆனால் வாளி 30 கிலோபைட்தான் கொள்ளும். 6 மில்லி விநாடியில் நிரம்பி, மீதி எல்லாம் வழிந்துவிடுகிறது. வழிந்தது திரும்பி வராது. அப்போது 20 விநாடி சராசரி எடுத்தால் 40-க்குப் பக்கத்திலேயே வராது. எனவே ரம்பப் பல்லைப் பார்த்ததும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பர்ஸ்ட் முடிந்த பிறகான நீண்ட சராசரி. 38 வந்தால் பெரிய வாளி, பிழைத்துப் போகட்டும். மிகக் குறைவாக வந்தால், யுடிபியில் நிதானமாக அனுப்பிச் சரிபாருங்கள்:

```
iperf3 -c SERVER -u -b 36M -l 1400 -t 30
```

யுடிபி சீராக 36 இழப்பில்லாமல் போகிறது, டிசிபி மட்டும் தடுமாறுகிறது என்றால், கோளாறு வேகத்தில் இல்லை, வாளியின் அளவில் இருக்கிறது. புகார் சொல்லும்போது "நெட் ஸ்லோ" என்று சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். "போலீசரின் பர்ஸ்ட் அளவு எத்தனை பைட்?" என்று கேளுங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு, சிஸ்கோவின் பழைய பரிந்துரை ஒன்று 1.5 விநாடி அளவு டோக்கன் என்று வைத்திருக்கிறது. 40 எம்பிபிஎஸ்ஸுக்கு அது 7.5 மெகாபைட். 30 கிலோபைட் எங்கே, 7.5 மெகாபைட் எங்கே!

அறிகுறி 3: வேகம் சரி, ஆனால் டவுன்லோடு ஓடும்போது பிங் எகிறுகிறது

இது ஷேப்பரின் கைரேகை. பாக்கெட்டை எறியாமல் வரிசையில் நிறுத்துகிறது என்று சொன்னேன் அல்லவா, அந்த வரிசை நீளமாக இருந்தால் பின்னால் நிற்கும் பிங்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

ஒரு ஜன்னலில் பிங் ஓட்டிவிட்டு இன்னொன்றில் பெரிய டவுன்லோடைத் தொடங்குங்கள். பர்ஸ்ட் திட்டத்தில் ஒரு அழகான காட்சி தெரியும். சும்மா இருக்கும்போது 20 மில்லி விநாடி. டவுன்லோடு தொடங்கிச் சற்று நேரத்தில் 180. எட்டாவது விநாடி தாண்டியதும் 420. நடுவில் இழப்பு பெரிதாக இல்லை. படிக்கட்டு மாதிரி இரண்டு படி.

இரண்டு படிக்கும் ஒரே வரிசைதான் காரணம். கடைசிப் படியில் கூடுதல் தாமதம் 400 மில்லி விநாடி, அப்போது வரிசை விநாடிக்கு 5 மெகாபைட் வேகத்தில் நகர்கிறது. பெருக்கினால் வரிசையின் நீளம் 2 மெகாபைட். பர்ஸ்ட் நேரத்தில் அதே 2 மெகாபைட் வரிசை 12.5 மெகாபைட் வேகத்தில் நகர்ந்ததால் 160 மில்லி விநாடிதான் ஆனது. இரண்டு படிகளிலிருந்தும் ஒரே நீளம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அடுத்த முனையில் இருப்பது ஷேப்பர், அதன் பஃபர் இவ்வளவு என்று இங்கிருந்தே அளந்துவிட்டீர்கள். பிங் ஏறாமல் பிங் பாக்கெட்டுகளே காணாமல் போகத் தொடங்கினால் அது போலீசர்.

மருந்து: முன்னால் நம் வாளியை வைப்பது

அறிகுறி 2-க்கும் 3-க்கும் அப்லோடு திசையில் மருந்து ஒன்றே. நிறுவனத்தின் வாளி வறண்டுபோவதற்கு முன்பே நம் ரவுட்டர் நிதானித்துவிட வேண்டும். சாதாரணத் திட்டமாக இருந்தால் 38 எம்பிபிஎஸ்ஸில் ஒரு ஷேப்பர் வைத்தால் கதை முடிந்தது. பர்ஸ்ட் திட்டத்தில் அப்படிச் செய்தால் பர்ஸ்ட் போய்விடும். 95-இல் வைத்தால் 8 விநாடிக்குப் பிறகு அது இருந்தும் இல்லாதது போல. எனவே நிறுவனத்தின் வாளியையே, கொஞ்சம் சிறியதாக, நம் பக்கம் நகலெடுக்க வேண்டும்.

இதை லினக்ஸ் ரவுட்டரில் `tc` கட்டளையை வைத்துச் செய்யப் போய் நான் வாங்கிய அடியைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எழுதியது இது:

```
tc qdisc replace dev eth0 root tbf rate 38mbit burst 50mb latency 20ms
```

பார்க்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! நிரந்தர வேகம், வாளி, 20 மில்லி விநாடிக்கு மேல் வரிசை வேண்டாம். ஓட்டிப் பார்த்தால் அப்லோடு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பிங் விநாடிக் கணக்கில் போய்விட்டது. முன்பு இருந்த 400 மில்லி விநாடி சொர்க்கம் என்று ஆகிவிட்டது.

`latency` என்பதை `tc` வரிசையின் பைட் வரம்பாக மாற்றி கெர்னலுக்குக் கொடுக்கிறது. மாற்றும் கணக்கு: வேகம் பெருக்கல் தாமதம், அதோடு வாளியின் அளவு. வாளி சில கிலோபைட்டாக இருக்கும் வழக்கமான நிலையில் அந்தக் கூட்டல் யார் கண்ணிலும் படாது. என் வாளி 50 மெகாபைட். ஆக வரிசைக்கும் 50 மெகாபைட்டுக்கு மேல் இடம் கொடுத்துவிட்டேன். வாளி வறண்ட பிறகு அந்த வரிசை நிரம்பினால் 38 எம்பிபிஎஸ்ஸில் அதைக் கரைக்க 11 விநாடி ஆகும். போதாக்குறைக்கு, உச்ச வேகம் என்று எதையும் சொல்லாததால் வாளியில் டோக்கன் இருக்கும்வரை கார்டின் முழு வேகத்தில் பாக்கெட் பறந்தது, அது நிறுவனத்தின் 100 எம்பிபிஎஸ் வாசலில் போய் முட்டியது.

`peakrate` சேர்த்ததும் இரண்டுமே தீர்ந்தன:

```
tc qdisc replace dev eth0 root handle 1: tbf rate 38mbit \
   burst 50mb peakrate 95mbit minburst 16kb latency 20ms
tc qdisc add dev eth0 parent 1:1 fq_codel
```

`minburst` என்பது சின்ன வாளி. `peakrate` இருக்கும்போது வரிசை வரம்பை உச்ச வேகத்தையும் சின்ன வாளியையும் வைத்தும் கணக்கிட்டு, இரண்டில் சிறியதை `tc` எடுத்துக்கொள்ளும். இங்கே அது ஏறக்குறைய 254 கிலோபைட். 38 எம்பிபிஎஸ்ஸில் அதைக் கரைக்க 53 மில்லி விநாடி. 20 கேட்டு 53 கிடைத்தது ஏன் என்றால், அந்த 20 உச்ச வேகத்துக்கான கணக்கு. இரண்டாவது வரி அந்த எளிய வரிசைக்குப் பதிலாக `fq_codel`-ஐ உட்காரவைக்கிறது. பெரிய அப்லோடுக்குப் பின்னால் பிங் நிற்க வேண்டிய கட்டாயம் அதோடு போய்விடும்.

மூன்று எண்களுமே நிறுவனத்தின் எண்களைவிடச் சிறியவை: 38, 95, 50. மூன்றில் ஒன்று கூடினாலும் சில நேரம் அவர்களுடைய வாளி முந்திக்கொண்டு வறண்டுவிடும், பழைய நோய் திரும்பும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க `tc -s qdisc show dev eth0` ஓட்டுங்கள். அதில் `overlimits` ஏறுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது இழப்பு அல்ல, டோக்கனுக்காகக் காக்கவைத்த தடவைகள். ஷேப்பர் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

டவுன்லோடு திசையில் இதே மருந்து பாதிதான் பிடிக்கும். பாக்கெட் அவர்களுடைய வாளியைத் தாண்டி வந்த பிறகுதான் நம் கைக்கு வருகிறது. `ifb` என்ற போலி இடைமுகம் வழியாகத் திருப்பிவிட்டு அங்கே ஷேப்பர் வைத்தால், நாம் உண்டாக்கும் தாமதத்தையும் இழப்பையும் பார்த்து டிசிபி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். யாரையும் கேட்காமல் வந்து கொட்டும் யுடிபியிடம் இது செல்லாது.

அறிகுறி 4: பயன்பாடே குறைவு, ஆனாலும் வீடியோ அழைப்பு வெட்டுகிறது

எல்லாவற்றிலும் எரிச்சலூட்டுவது இது, ஏனென்றால் எந்த வரைபடத்திலும் தெரியாது. ரவுட்டர் காட்டும் சராசரி அப்லோடு 4 எம்பிபிஎஸ். திட்டமோ 40. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் படம் சில விநாடிக்கு ஒருமுறை கட்டம் கட்டமாக உடைகிறது.

வீடியோ சீராகப் போவதில்லை. அதன் சட்டங்களில், அதாவது ஃபிரேம்களில், பெரும்பாலானவை சிறியவை, இடையிடையே முழுப் படத்தையும் சுமக்கும் பெரிய சட்டம் ஒன்று வரும். அது 120 கிலோபைட் என்று வையுங்கள். உங்கள் கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவே 1 ஜிபிபிஎஸ் கேபிள். மென்பொருள் இடைவெளி விட்டு அனுப்பாவிட்டால், மொத்தமும் ஒரு மில்லி விநாடிக்குள் போய் முட்டும். பெரிய வாளியில் 60 மெகாபைட் டோக்கன் ததும்பி நிற்கிறது, ஆனால் உச்ச வேகத்தைக் காக்கும் சின்ன வாளி 30 கிலோபைட்தான். அந்த ஒரு மில்லி விநாடியில் அதில் புதிதாக விழுவது 12 கிலோபைட். ஆக 42 கிலோபைட் தப்பிக்கிறது, 78 கிலோபைட் எறியப்படுகிறது. சராசரி 4 எம்பிபிஎஸ் என்பது உண்மை. அந்த ஒரு மில்லி விநாடியில் அது கிட்டத்தட்ட 1000 எம்பிபிஎஸ் என்பதும் உண்மை.

இதை நிரூபிக்க `iperf3`-இல் ஒரு வசதி உண்டு. `-b` எண்ணுக்குப் பின்னால் சாய்கோடு போட்டு எத்தனை பாக்கெட்டை இடைவெளி இல்லாமல் அனுப்புவது என்று சொல்லலாம்:

```
iperf3 -c SERVER -u -l 1400 -b 4M/20 -t 20
```

இதை 20, 40, 80 என்று ஏற்றிக்கொண்டே ஓட்டுங்கள். சராசரி எல்லாவற்றிலும் அதே 4 எம்பிபிஎஸ்தான். மேலே சொன்ன 30 கிலோபைட் வாளி என்றால், 20 பாக்கெட் கொத்து, ஏறக்குறைய 29 கிலோபைட், முழுதாகப் போய்விடும். 40 என்றதும் இழப்பு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும். எந்த எண்ணில் இழப்பு தொடங்குகிறதோ அதை ஒரு பாக்கெட்டின் அளவோடு பெருக்கினால் சின்ன வாளியின் அளவு கிடைத்துவிடும். 80-இலும் இழப்பு இல்லை என்றால் வாளியைக் குற்றம் சொல்லாதீர்கள், வைஃபை பக்கம் பாருங்கள். வைஃபையில் ஓட்டிய சோதனையை வைத்து இந்த முடிவுக்கு வரவும் கூடாது, கேபிள் கட்டாயம்.

மருந்து மேலே இருக்கும் அதே இரண்டு வரிகள்தான். `minburst 16kb` என்பது 30 கிலோபைட்டைவிடச் சிறியது. எனவே 120 கிலோபைட் சட்டம் நம் ரவுட்டரிலேயே 95 எம்பிபிஎஸ்ஸுக்கு நீட்டப்பட்டு, சுமார் 9 மில்லி விநாடியில் வெளியேறும். ஒரு பாக்கெட்டும் சாகாது. 9 மில்லி விநாடித் தாமதம் பேசுகிறவர் காதுக்கோ கண்ணுக்கோ எட்டாது. மென்பொருளில் அமைப்பு இருந்தால் பெரிய சட்டம் வரும் இடைவெளியைக் கூட்டலாம், ஆனால் அதனால் அடி விழும் தடவைதான் குறையும்.

நாமே செய்துகொள்ளும் இரண்டு கோளாறு

வேகம் சரியாக எட்டு மடங்கு கூடியோ குறைந்தோ இருந்தால் வேறெதையும் தேடாதீர்கள். `tc`-இல் `mbit` என்றால் மெகாபிட், `mbps` என்றால் விநாடிக்கு மெகாபைட். `rate 40mbps` என்று எழுதினால் 320 எம்பிபிஎஸ் கொடுத்ததாக அர்த்தம். ஷேப்பர் வேலையே செய்யவில்லை என்று தோன்றும்.

இன்னொன்று, உள்வரும் திசையில் `police` வைத்ததும் டிசிபி மட்டும் ஏறக்குறைய நின்றுபோவது. பிங் போகிறது, யுடிபி போகிறது, கோப்பு மட்டும் இறங்கவில்லை. நெட்வொர்க் கார்டும் கெர்னலும் சேர்ந்து பல பாக்கெட்டுகளை 64 கிலோபைட் வரை ஒரே பொட்டலமாக ஒட்டித் தரும். உங்கள் `burst` 15 கிலோபைட் என்றால், வாளி விளிம்புவரை நிறைந்திருந்தாலும் அந்தப் பொட்டலத்துக்கு டோக்கன் போதாது. எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் போதாது. `ethtool -K eth0 gro off` என்று ஒட்டுவதை நிறுத்திப் பார்த்து, உடனே கோப்பு இறங்கத் தொடங்கினால் அதுதான் காரணம். அதன் பிறகு `gro`-வை மறுபடி போட்டுவிட்டு `burst`-ஐ 64 கிலோபைட்டுக்கு நன்றாக மேலே, சில நூறு கிலோபைட்டாக வையுங்கள். அணைத்தே விட்டால் ரவுட்டரின் செயலி ஒவ்வொரு பாக்கெட்டையும் தனித்தனியாகச் சுமக்க வேண்டியிருக்கும்.